புதுப்பிப்பு: போன வருட பில்லும் இந்தத் தீபாவளிக் கொள்முதலும்

ஆகஸ்டில் நான் கேட்டது: "சிறிய ஜவுளிக் கடை. போன வருட பில்களை வைத்துத் தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு எடுப்பது, எத்தனை ஆள் கூடுதலாகப் போடுவது?"

"போன அக்டோபரோடு பத்து சதவீதம் கூட்டுங்கள்" என்றார் ஒருவர். பாதி சரி. ஆனால் 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. மாதக் கணக்கை நம்பியிருந்தால் பதினொரு நாள் பிந்தியிருப்பேன். கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர் சொன்னபடி, தேதியை விட்டுவிட்டு, "தீபாவளிக்கு 12 நாள் முன், 11 நாள் முன்" என்று பில்களை அடுக்கினேன். கூட்டம் தொடங்கும் நாள் பளிச்சென்று தெரிந்தது.

அவரே இன்னொன்றும் சொன்னார்: "கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர் பில்லில் இருக்கமாட்டார், தம்பி." போன வருடம் 38 அளவுச் சட்டை கடைசி ஐந்து நாளில் ஒன்றுகூட விற்கவில்லை. இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால், தீபாவளிக்கு ஆறு நாள் முன்பே தீர்ந்திருந்தது! அந்த அளவில் போன முறை 40 சட்டை எடுத்த இடத்தில் இம்முறை 70 எடுத்தேன், ஒன்பதுதான் மிச்சம்.

பில்லில் அச்சான நேரத்தின்படி நெரிசல் மாலை 5 முதல் 9 வரைதான். எனவே முழுநாள் ஆள் இருவருக்குப் பதிலாக மாலைக்கு மட்டும் மூவர். அவர்களைக் கடைசி வாரத்தில் சேர்த்தது என் தவறு; எந்த ரகம் எந்த அலமாரியில் என்று பழகவே மூன்று நாள் போய்விட்டது.

"கிறிஸ்துமஸ் நகராதே அண்ணா, என் கேக்குக்கு மாதக் கணக்கு போதுமா?" என்று பேக்கரிக்காரத் தம்பி கேட்டிருந்தார். கிழமை மாறுமே, அதைப் பாருங்கள்.

போன வருடம் மழை கெடுத்த மூன்று மாலைகளை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.