உதவி தேவை: கூய் தராசில் காப்பர் சல்பேட்டின் காந்தத் திருப்புத்திறன் 2.28 என வருகிறது

ஆய்வக மாணவி:
முதுகலை வேதியியல் செய்முறைக்காக மயில்துத்தத்தின், அதாவது ஐந்து நீர் மூலக்கூறு கொண்ட காப்பர் சல்பேட்டின் ஏற்புத்திறனை 300 கெல்வினில் அளந்தேன். காலிக் குழாயைத் தொங்கவிட்டுப் புலத்தைச் செலுத்தினால் அதன் எடை ஏறத்தாழ 2 மில்லிகிராம் குறைகிறது; கண்ணாடி டயா காந்தப் பொருள் என்பதால் அதைக் கணக்கில் சேர்த்துவிட்டேன். காப்பர் அயனியில் இணையற்ற எலக்ட்ரான் ஒன்றுதான் இருக்கிறது, எனவே 1.73 போர் மேக்னட்டான் வர வேண்டும். எனக்கு 2.28 வருகிறது. எங்கே தவறு?

கணக்கர்:
தன்சுழற்சியை மட்டும் கொண்டு கணக்கிட்ட 1.73 இந்த உப்புக்குப் பொருந்தாது. எலக்ட்ரானின் சுற்றுப்பாதை இயக்கமும் சிறிது பங்களிப்பதால் 1.9-ஐ ஒட்டி வருவதே இயல்பு. டயா காந்தத் திருத்தத்தைச் செய்திருக்கிறீர்கள் என்றால் கணக்கில் பிழை இல்லை.

ஆய்வக மாணவி:
திருத்தம் செய்தாயிற்று ஐயா. 1.9 என்று கொண்டாலும் 2.28 எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

பட்டறைக்காரர்:
சூடாக்கிப் பாருங்கள். இரும்பு ஆணியைச் செஞ்சூட்டுக்குக் கொண்டுபோனால் காந்தத்தை விட்டு விழுந்துவிடும். 770 டிகிரி செல்சியசில் அணுக்களின் காந்தத்தன்மையே அழிந்துவிடுகிறது. உங்கள் உப்பில் இரும்பு கலந்திருந்தால் அப்படியே கண்டுபிடித்துவிடலாம்.

பழைய தராசு:
இரும்பைச் சந்தேகித்தது சரி, வழிதான் சரியில்லை. மயில்துத்தம் 100 டிகிரியை எட்டும் முன்பே நீரை இழக்கத் தொடங்கிவிடும். பிறகு நீங்கள் அளப்பது வேறு பொருள். மேலும், 770 டிகிரிக்கு மேலும் இரும்பணுக்களின் திருப்புத்திறன் அழிவதில்லை. அவற்றை ஒரே திசையில் பிடித்து வைத்திருந்த அண்டை அணுக்களின் பிணைப்பை வெப்பம் வென்றுவிடுவதால் அவை திசைகெட்டு, பாரா காந்தப் பொருளாக எஞ்சுகின்றன.

தங்கையே, வெப்பத்தைத் தொடாமல் புலத்தை மாற்றுங்கள். 6,000, 9,000, 12,000 காஸில் ஒரு கிராமுக்கான ஏற்புத்திறனைத் தனித்தனியாக எழுதுங்கள்.

ஆய்வக மாணவி:
முறையே 8.2 × 10⁻⁶, 7.4 × 10⁻⁶, 7.0 × 10⁻⁶. புலம் கூடக்கூட ஏன் குறைகிறது?

பழைய தராசு:
உங்கள் காப்பர் அயனிகள் ஒன்றையொன்று ஏறக்குறைய பொருட்படுத்தாமல் தனித்தனியே நிற்பவை. 12,000 காஸில்கூட ஒரு போர் மேக்னட்டானைத் திருப்பும் ஆற்றலைவிட 300 கெல்வினின் வெப்பக் குலுக்கல் ஏறத்தாழ 370 மடங்கு பெரியது. ஆகவே மிகச் சிறு பங்கு அயனிகளே புலத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்கின்றன, புலம் இரட்டித்தால் சாய்வும் இரட்டிக்கிறது. அதனால் ஏற்புத்திறன் புலத்தைப் பொறுத்து மாறாது, குளிர்வித்தால் மட்டும் கூடும். கண்ணாடியில் நிலையான திருப்புத்திறனே இல்லை. இணையான எலக்ட்ரான்களில் புலம் தூண்டும் எதிர்ப்பு மட்டுமே உண்டு, அது வெப்பநிலையைக் கண்டுகொள்வதில்லை. இரும்புத் துகளோ விரைவில் தெவிட்டிவிடும். அதன் பிறகு புலத்தைக் கூட்டினாலும் தருவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. எனவே அளவிட்ட ஏற்புத்திறனில் அதன் பங்கு புலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும்.

6,000-லிருந்து 12,000-க்குப் போகும்போது அந்தப் பங்கு பாதியாகிறது. அப்போது குறைந்தது 1.2, ஆகவே எஞ்சியதும் 1.2. அதைக் கழித்தால் 5.8 × 10⁻⁶ கிடைக்கும், திருப்புத்திறன் 1.94 ஆகும். நீங்கள் தந்த 9,000 காஸ் அளவீடும் இந்தக் கோட்டிலேயே விழுகிறது. ஒரு கிராம் உப்பில் சுமார் 33 மைக்ரோகிராம் இரும்பு இவ்வளவையும் செய்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. எந்தக் கரண்டியால் எடுத்தீர்கள்?

ஆய்வக மாணவி:
எஃகுக் கரண்டி, தேய்ந்தது. பிளாஸ்டிக் கரண்டியால் வேறு மாதிரி எடுத்தேன். சரிவு குறைந்தது, ஆனால் முற்றிலும் போகவில்லை.

கணக்கர்:
அப்படியானால் குப்பியிலேயே இருந்திருக்கலாம். நிக்கல் கரண்டியும் இதையே செய்யும் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய தராசு:
நீரில் கரைத்து, வடிகட்டி, மறுபடிகமாக்குங்கள். இரும்புத் துகள் அந்தக் கரைசலில் செம்பைப் படியவிட்டுத் தான் அயனியாகக் கரைந்துவிடும். அதே 33 மைக்ரோகிராம் முழுவதும் படிகத்துக்குள் புகுந்தாலும் அஞ்ச வேண்டாம்; தனித்து நிற்கும் இரும்பு அயனிகளாக அவை தரும் பங்கு 5.8-இல் ஆயிரத்தில் ஒன்றுதான்.

ஆய்வக மாணவி:
செய்தேன் ஐயா. மூன்று புலங்களிலும் 5.9, 5.8, 5.8 வருகிறது. இரும்பு குப்பியில் இருந்ததா, உரலில் அரைத்தபோது சேர்ந்ததா என்பது மட்டும் தெரியவில்லை; குப்பியிலிருந்து அரைக்காமல் ஒரு மாதிரி எடுத்து நாளை அளக்கிறேன்.