புதுப்பிப்பு: P0171 காட்டிய என் கார்

முன்பு நான் கேட்டது: "செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் P0171. ஆக்சிஜன் சென்சாரை மாற்றவா?"

மாற்றவில்லை. சென்சார்தான் என்ற தம்பி சொன்னது பாதி சரி: காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை, அதாவது P0171, என்று கண்டுபிடித்தது அதுதான், கெட்டது அதுவல்ல. மெக்கானிக் அண்ணன் சொன்னபடி, அந்த P0171 கோடை அழிக்கும் முன், அது பதிவான நொடியின் அளவுகளைச் சேமித்து வைக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்த்தேன். அந்த நொடியில் வண்டி ஐடிலில் நின்றிருக்கிறது: 760 ஆர்பிஎம், குறையை ஈடுகட்ட கார் கூட்டிக் கொடுக்கும் பெட்ரோல் அளவான லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் +23%. இப்போது 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +5 தான். ஐடிலில் மட்டும் திருட்டுக் காற்று என்றால் முதல் சந்தேகம் வேக்குவம் குழாய்தானே! அதன் வளைவில், நகம் நுழையும் அளவு விரிசல். புதுக் குழாய் போட்டு, கோடை அழித்து இரண்டு நாள் ஓட்டியதும் ஐடிலில் +3.



கோடை அழித்ததால், காரின் சுயசோதனைகளில் கேட்டலிஸ்ட் மானிட்டர் மட்டும் இன்னும் முடியவில்லை என்றே காட்டுகிறது.