பொருள்: ஒட்டுண்ணி அட்டவணை – 'இறுதி விருந்தோம்பி' சரியான சொல்லா?

கயல்விழி, உட்லண்ட்ஸ்:
அனைவருக்கும் வணக்கம். ஆய்வகப் பணிக்குப் படிப்பவர்களுக்காக மலேரியா, யானைக்கால், அமீபா சீதபேதி ஆகிய மூன்றின் பாடக்குறிப்புகளையும் ஒரே அட்டவணையாகத் தமிழில் தொகுக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு தலைப்பு மட்டும் இடறுகிறது. ஒட்டுண்ணி ஆணும் பெண்ணுமாகச் சேரும் உடலை 'இறுதி விருந்தோம்பி' என்றும், மற்றதை 'இடைநிலை விருந்தோம்பி' என்றும் எழுதியிருந்தேன். வகுப்பில் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் மலேரியாவின் 'இறுதி' கட்டத்தில் மனிதன் என்று நிரப்பிவிட்டார்கள். விடை கொசு. "நோய் கடைசியில் நம்மிடம்தானே வந்து நிற்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் சொல்லைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். சொல்லைத்தான் மாற்ற வேண்டும்.

அறவாழி, தோ பாயோ:
அம்மா, பிழை 'இறுதி'யில் மட்டும் இல்லை. விருந்து என்பதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் புதுவகை யாப்பையே விருந்து என்கிறார். புதிதாக வந்தவரை மனமுவந்து பேணுவது ஓம்புதல். மண்ணீரலை வீங்க வைக்கும் உயிரை எந்த உடல் மனமுவந்து பேணுகிறது? 'தாங்குயிர்' என்போம். சேர்க்கை நடக்கும் உடலுக்கு 'மன்றலகம்' பொருந்தும். மன்றல் என்றால் மணம், திருமணம் என்ற பொருளிலும் நறுமணம் என்ற பொருளிலும்.

முருகேசன், ஈசூன்:
ஐயா, மன்றலகம் என்றால் என் பிள்ளைகள் திருமண மண்டபம் என்பார்கள். 'முதன்மை விருந்தோம்பி' பழகிய சொல். நோய்ப்படுவது மனிதன்தானே? மூன்று வரிசையிலும் மனிதனையே முதன்மை என்று போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

நூர்ஜஹான், பிடோக்:
முருகேசன் தம்பி, யானைக்காலுக்கு நீங்கள் சொல்வது சரி, மலேரியாவுக்குத் தவறு. கண்ணாடித் தகட்டில் தெரிவதை வைத்தே சொல்கிறேன்.

ஃபால்சிபாரம் மலேரியா நோயாளியின் ரத்தத்தில் வாழைப்பழ வடிவில் சில உயிரணுக்கள் தெரியும். அவை இனப்பெருக்கத்துக்குத் தயாரானவை, ஆனால் நம் உடலில் சேருவதில்லை. அனாபிலிஸ் கொசு உறிஞ்சிய பிறகு அதன் வயிற்றில்தான் ஆணும் பெண்ணும் சேர்கின்றன. வயிற்றுச் சுவரில் கூடு கட்டி ஆயிரக்கணக்கில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகின்றன.

யானைக்காலில் நேர்மாறு. புழுக்கள் நம் நிணநீர்க் குழாயில் இணை சேர்கின்றன. ரத்தத்தில் நெளிவது அவற்றின் குஞ்சு. கொசுவுக்குள் அது தோலுரித்து வளரும், எண்ணிக்கையில் பெருகாது. பத்து குஞ்சு உள்ளே போனால் பத்துக்கு மேல் வெளியே வராது. ஆக, தகட்டில் ஒரு குஞ்சைக் கண்டால் ஆண் புழுவும் பெண் புழுவும் இந்த உடலில் குடும்பம் நடத்தியிருக்கின்றன என்று பொருள். வாழைப்பழ வடிவத்தைக் கண்டால் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டையுமே கொசு ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறது என்பதால் மாணவர்கள் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். தலைப்பு இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

செல்வி, சுவா சூ காங்:
அக்கா, இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். ஊரில் என் பெரியப்பாவுக்குப் பல ஆண்டுகளாகக் கால் வீக்கம். நள்ளிரவில் ரத்தம் எடுத்தும் புழு இல்லை என்றார்கள். அப்படியானால் அது யானைக்கால் இல்லையா?

நூர்ஜஹான்:
அப்படி முடிவு கட்டக் கூடாது, செல்வி. குஞ்சுகள் இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை ரத்தத்தில் மிகுதியாக வரும், அதனால்தான் அந்த நேரத்தில் எடுக்கிறோம். ஆனால் வீக்கம் முற்றிய நிலையில் பலரது ரத்தத்தில் குஞ்சே இருக்காது. மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். கயல், இதை நோயறியும் பத்தியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடு.

கயல்விழி:
சேர்த்துவிட்டேன், அக்கா. 'இணைசேரும் உடல்', 'இணைசேரா உடல்' என்று எழுதினால் என்ன? மலேரியாவில் கொசு, மனிதன். யானைக்காலில் மனிதன், கொசு.

முருகேசன்:
இது புரிகிறது. என் வாக்கு இதற்கே.

அறவாழி:
இரண்டு சொல்லாலான விளக்கத்தைக் கலைச்சொல் என்று நான் ஏற்க மாட்டேன். ஒரு சொல் நீர்மையோடு நின்று பெயரெச்சம், வேற்றுமை எல்லாம் ஏற்க வேண்டும். 'இணையுடல்' என்றாவது சுருக்குங்கள்.

கயல்விழி:
ஐயா, 'இணையுடல்' என்றால் ஒட்டிப் பிறந்த இரட்டையரைக் குறிப்பதாக எண்ணுவார்கள். அச்சுக்கு முந்தையதையே அனுப்புகிறேன்.

நூர்ஜஹான்:
அமீபா வரிசையில் என்ன போட்டிருக்கிறாய்? நான்கு உட்கரு கொண்ட கூட்டை விழுங்குகிறோம், அது குடலில் வெடித்து இரண்டு இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. இணைசேருவதே இல்லை.

கயல்விழி:
அதற்கு மனிதன் ஒன்றே ஓம்பும் உடல். முதல் கட்டத்தில் மனிதன் என்று எழுதினால் தலைப்பு பொய்யாகும், கோடு போட்டால் மனிதனே இல்லாத நோய் என்று படிப்பார்கள். இப்போதைக்கு இரண்டு கட்டங்களையும் இணைத்து 'மனிதன் மட்டும்' என்று எழுதியிருக்கிறேன்.

அறவாழி:
பார்த்தீர்களா? 'தாங்குயிர்' என்று வைத்திருந்தால் மூன்று வரிசைக்கும் பொருந்தியிருக்கும்.