சீன சப்ளையரின் இந்தப் பதில் மறுப்பா, தாமதமா?

சீன மொழியில் வியாபாரக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் உதவ வேண்டும். நிங்போவில் உள்ள ஒரு தொழிற்சாலையிடம் பித்தளை வால்வு வாங்குகிறோம். குறைந்தபட்ச ஆர்டர் 1,000 என்றார்கள். முதல் தடவை 300 மட்டும் தர முடியுமா என்று கேட்டிருந்தேன். வந்த பதிலின் சாரம் இது: "உங்கள் ஆதரவுக்கு மிக்க நன்றி. இந்த அளவு தற்சமயம் கொஞ்சம் வசதிப்படாது. நாங்கள் உள்ளே ஆராய்ந்து பார்க்கிறோம். வாய்ப்பு அமைந்தால் பிறகு சேர்ந்து செயல்படுவோம்."

முதலில் சந்தோஷப்பட்டேன், ஆராய்கிறார்களே என்று! அப்புறம்தான் சந்தேகம் வந்தது. 'பூ தாய் ஃபாங்பியென்', அதாவது 'அவ்வளவு வசதியில்லை' என்பது பெரும்பாலும் முடியாது என்பதற்கான நாகரிகச் சொல். 'யென்ஜியோ யீஸ்யா', அதாவது 'கொஞ்சம் ஆராய்கிறோம்' என்பது மட்டும் இருவிதமாகவும் வரும். உண்மையிலேயே ஆராய்பவர்கள் அளவு, டெலிவரி தேதி என்று ஏதாவது திருப்பிக் கேட்பார்கள், இல்லை எப்போது பதில் என்றாவது சொல்வார்கள். இதில் ஒரு கேள்வியும் இல்லை, தேதியும் இல்லை. 'வாய்ப்பு அமைந்தால் பிறகு' என்ற கடைசி வரியோ கதவைச் சாத்துவது போலவே இருக்கிறது.

என் கணிப்பு சரியா? "முடியுமா, முடியாதா" என்று நேராகக் கேட்டால் அவர்களுக்குச் சங்கடம் என்பது தெரியும். "300-க்கு எவ்வளவு விலை கூட்டினால் சரிப்படும்?" என்று கேட்பது மரியாதையாக இருக்குமா? அல்லது நானும் 'பிறகு பார்ப்போம்' என்று எழுதிவிட்டு வேறு இடம் தேடுவதா?

வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்.