குடுவைக் கழுத்தில் இறுகிப்போன ரப்பர் அடைப்பான்: உங்கள் அனுபவம் என்ன?

நீலலிட்மஸ்

கரியமில வாயு நீக்கிய நீர் தேவைப்படும்போது, காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்கவைத்து, ஆறுவதற்கு முன்பே ரப்பர் அடைப்பானால் மூடிவிடும் வழக்கம் எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. மாலையில் யாரோ அப்படி மூடிய 500 மி.லி. கூம்புக் குடுவை மறுநாள் காலையில் என் கைக்கு வந்தபோது, அடைப்பான் கழுத்தின் விளிம்பு மட்டத்துக்கு இறங்கியிருந்தது. பிடித்து இழுக்க வெளியே எதுவும் இல்லை. அதைவிட என் கண்ணில் பட்டது, அதன் மேற்பரப்பின் நடுப்பகுதி தொப்புளைப் போலக் குழிந்திருந்ததுதான். பக்கத்தில் இருந்தவர் எஃகுக் கரண்டியை எடுத்து விளிம்பில் நெம்பத் தயாரானார், நான் தடுத்துவிட்டேன்.

முகக் கவசம் அணிந்து, குடுவையைத் தடித்த துணியால் சுற்றிக்கொண்டு, கிளிசரின் தடவிய சிரிஞ்சு ஊசியை அடைப்பானின் நடுவில் மெதுவாகச் செலுத்தினேன். அடைப்பானின் உயரம் ஏறத்தாழ 25 மி.மீ. என்பதால் 38 மி.மீ. நீளமுள்ள ஊசி தேவைப்பட்டது. ஊசியின் முனை உள்ளே எட்டியதும் மெல்லிய சீறல் கேட்டது. என் கண்ணெதிரே அந்தக் குழி மெல்ல மேலெழுந்து சமமாகிவிட்டது. பிறகு விளிம்பைச் சுற்றிச் சில சொட்டுக் கிளிசரின் விட்டு, பிளாஸ்டிக் பட்டை ஒன்றால் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையில் அதை இறங்கச் செய்து, கையுறை அணிந்த உள்ளங்கையைப் பதித்துத் திருகினேன். முதலில் அடைப்பான் சுழன்றது; பிறகு ஓர் ஓரம் எழும்பியது. அந்த எஃகுக் கரண்டி விளிம்பில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம்தான் இன்னும் போகவில்லை.

கரைசல்

ஊசியெல்லாம் எதற்கு? எங்களுக்கும் இதே போல் ஒரு குடுவை மாட்டிக்கொண்டது. வெந்நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றி, குடுவையின் அடிப்பகுதியையும் வெந்நீர்த் தொட்டியில் வைத்தோம். சற்று நேரத்தில் அடைப்பான் தானாகவே தளர்ந்துவிட்டது. சூடுபட்டால் கண்ணாடி விரியும், கழுத்து அகலும், அடைப்பான் வெளியே வரும். இதில் குழப்பமே இல்லை.

பழைய பிப்பெட்

கரைசல் அவர்களே, உங்கள் அடைப்பான் வெளியே வந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் வரவில்லை. போரோசிலிகேட் கண்ணாடி மிகக் குறைவாகவே விரியும். 30 மி.மீ. உள்விட்டமுள்ள கழுத்தை 60 பாகை சூடேற்றினாலும் அது ஏறத்தாழ 0.006 மி.மீ. மட்டுமே அகலும். ரப்பரோ கண்ணாடியைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக விரிகிறது. ஆகவே கழுத்தை மட்டும் நெடுநேரம் சூடாக்கினால் அடைப்பான் இன்னும் இறுகும். தேய்த்த கண்ணாடி இணைப்பில், வெளிக்கண்ணாடியைச் சட்டென்று சூடாக்கி, உள்ளே இருப்பது சூடாகும் முன் பிரிப்பார்கள். அந்த வழியை ரப்பருக்கு அப்படியே பொருத்த முடியாது.

உங்களுக்கு உதவியது தொட்டியில் இருந்த வெந்நீர். நீலலிட்மஸ் சொன்ன குடுவையையே கணக்கிட்டுப் பார்க்கலாம். 90 பாகையில் மூடினால், உள்ளே இருக்கும் வளிமத்தில் நீராவியின் பங்கு ஏறத்தாழ 0.7 வளிமண்டல அழுத்தம், காற்றின் பங்கு 0.3. அது 25 பாகைக்கு ஆறும்போது ஆவி பெரும்பாலும் நீராகிவிடுகிறது. எஞ்சும் அழுத்தம் ஏறத்தாழ 0.28 மட்டுமே. 30 மி.மீ. கழுத்தின் பரப்பு 7 சதுர செ.மீ. என்பதால், அடைப்பானை ஏறத்தாழ 5 கிலோ எடை எப்போதும் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கிறது. குடுவை முழுவதையும் 60 பாகைக்குச் சூடாக்கினால் உள் அழுத்தம் 0.47 அளவுக்கு ஏறும், அழுத்தும் எடையும் 4 கிலோவுக்குக் கீழே இறங்கும். அவ்வளவுதான் நடந்தது. உள்ளே தீப்பற்றும் கரைப்பானோ, வாயு வெளியிடும் கலவையோ இருந்திருந்தால் இதே செயல் ஆபத்தாகியிருக்கும்.

இன்னொன்று: தட்டையான அடிப்பகுதி கொண்ட மெல்லிய குடுவை வெற்றிடத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. குழி தெரிந்தால் முதல் வேலை காற்றை உள்ளே விடுவது. திருகுவதும் இழுப்பதும் அதன் பிறகுதான்.

மணல்கடிகாரம்

எனக்கும் இதே தொல்லை உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வைத்த புட்டியின் கண்ணாடி மூடி ஒட்டிக்கொண்டு அசையவே மாட்டேன் என்கிறது. அதற்கும் ஊசியைப் பயன்படுத்தலாமா?

பழைய பிப்பெட்

கண்ணாடியில் ஊசி எப்படி இறங்கும்? உங்களுடையது வேறு சிக்கல். காரம் கண்ணாடியைத் தின்று சிலிக்கேட்டை உருவாக்கி மூடியை ஒட்டவைத்துவிட்டது. காரக் கரைசல்களுக்கு ரப்பர் அடைப்பானைப் பயன்படுத்துவதே அதைத் தவிர்ப்பதற்குத்தான்.

தக்கைப்பேழை

என் அனுபவம் இரண்டே வரிதான்: பழைய ரப்பர் அடைப்பான் ஒன்று காய்ந்து கடினமாகிக் கழுத்தில் பிடித்துக்கொண்டது, வெற்றிடம் எதுவும் இல்லை, தக்கைத் துளைப்பானால் நடுச்சதையை வெட்டி எடுத்துவிட்டுப் பிரித்தோம். யாரும் கேட்கவில்லை என்றாலும், அந்த முறையை விளக்கிவிடுகிறேன், ஏனெனில் இங்கே சொல்லப்படாத ஒரு விஷயம் அதில் இருக்கிறது.

ரப்பரை அழுத்தினால் அதன் கனஅளவு குறையாது. ஓர் இடத்தில் அமுங்கினால் வேறோர் இடத்தில் புடைக்கும். மேலிருந்து அமுக்கினால் அடைப்பான் பக்கவாட்டில் பருத்துக் கழுத்தை இன்னும் இறுக்கும். நடுவைப் பிடித்து மேலே இழுத்தால் நீண்டு மெலியும். தடித்த மரத்திருகை முறுக்கி இழுப்பவர்களுக்கு அதனால்தான் பலிப்பதில்லை, திருகின் பருமனே ரப்பரை வெளியே தள்ளிவிடுகிறது. சுருள்கம்பித் திறப்பான் அந்த அளவுக்கு இடம் பிடிப்பதில்லை. துளைப்பானால் நடுச்சதையை எடுத்துவிட்டால், எஞ்சும் வளையம் உள்நோக்கி மடங்க இடம் கிடைக்கிறது. கூர்மையான துளைப்பானில் கிளிசரின் தடவி, குடுவையின் உடலை அல்ல, கழுத்தைத் துணியால் பிடித்து, அழுத்தாமல் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். அழுத்தினால் அடைப்பான் உள்ளே விழும், அல்லது துளைப்பான் சறுக்கிக் கையைக் கிழிக்கும். அடிப்பகுதிக்கு எட்டும் முன்பே நிறுத்தி, வளையத்தை ஒரு பக்கம் மழுங்கிய முனையால் உள்நோக்கி மடக்கி உருவிவிடலாம்.

உலோகக் கரண்டியால் நெம்பக் கூடாது என்பதில் நீலலிட்மஸுடன் உடன்படுகிறேன். அது அப்போதே உடைக்காமல் போகலாம். ஆனால் விளிம்பின் உட்பக்கம் விழும் கீறல் அடுத்த முறை சூடாகும்போது விரிசலாக ஓடும்.

மஞ்சள்வளையம்

டொலுயீன் இருந்த குடுவையில் எங்கள் அடைப்பான் ஆவி பட்டு ஊதிப் போயிருந்தது. இயற்கை ரப்பர் டொலுயீனில் கணிசமாக ஊதும். கழுத்துக்குள் ஊதியது கிளிசரினுக்கு அசையாது. புகைபோக்கிக் கூண்டுக்குள் நடுவில் துளையிட்டு, ஆவி வெளியேற விட்டுவைத்தோம். காலப்போக்கில் சுருங்கித் தளர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே கரைப்பான் மிச்சமிருக்கும்வரை அது மீண்டும் மீண்டும் ஊதிக்கொண்டே இருக்கும். சூடாக்குவதற்கு எதிராகக் குளிரூட்டலாமா என்றும் யோசித்தோம். ரப்பர் கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும் அல்லவா?

பழைய பிப்பெட்

வெற்றுக் குடுவையாக இருந்து, முதலில் காற்றை உள்ளே விட்டிருந்தால் முயலலாம். ஊசி போடாமல் குளிரூட்டினால் வெற்றிடம்தான் கூடும்.

தக்கைப்பேழை

நான் ஏற்கவில்லை. குளிரில் ரப்பர் விறைத்துவிடும். விறைத்த அடைப்பானை மடக்கவும் முடியாது, திருகவும் முடியாது. கழுத்தில் பழைய கீறல் இருந்தால் திடீர்க் குளிரே கண்ணாடியை உடைத்துவிடும். குளிரூட்டி வெற்றிகரமாக எடுத்தவர் யாராவது இருந்தால், எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

நீலலிட்மஸ்

நான் செய்து பார்க்கவில்லை, எனவே அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஊசி குத்திய அடைப்பானைப் பற்றிக் கேட்டு எனக்குத் தனியாக எழுதியவருக்கு: ஊசியை உருவியதும் துளை பெரும்பாலும் மூடிக்கொள்கிறது, ஆனாலும் அதை வெற்றிட வேலைக்குத் திரும்ப எடுப்பதில்லை. அந்த நீரை இப்போது முழு அடைப்பானால் மூடாமல், சோடா சுண்ணாம்பு நிரப்பிய காப்புக்குழாய் செருகிய அடைப்பானால் மூடி ஆறவிடுகிறோம்; காற்று உள்ளே போகிறது, கரியமில வாயு போவதில்லை.