லயபிள்: யாருக்கு, எதற்கு?

வணக்கம். கூட்டாண்மை ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'லயபிள்' வந்த இடமெல்லாம் 'பொறுப்பு' என்று எழுதிவிட்டேன். 'லயபிள் டு த பேங்க்' என்பது 'வங்கிக்குப் பொறுப்பாவார்' என்றாகிவிட்டது. படித்த என் தங்கை, "பங்காளியை மேலாளராகப் போட்டுவிட்டார்களா?" என்று கேட்டாள். 'பர்சுவன்ட் டு', 'இன் டெர்ம்ஸ் ஆஃப்' ஆகியவையும் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல் கிடைக்குமா?
- செ.

செ. அவர்களுக்கு,
லயபிளுக்கு ஒரே சொல் தேடாதீர்கள். அடுத்து வருவது என்ன என்று பாருங்கள். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் 'ஃபார்' வருகிறது: நிறுவனத்தின் செயல்களுக்குப் பங்காளிகள் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. 28ஆம் பிரிவில் 'டு': தன்னைப் பங்காளியாகக் காட்டிக்கொண்டவர், அதை நம்பி நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவரிடம் பொறுப்பாகிறார். முதலாவதில் செயல், இரண்டாவதில் ஆள். நான்காம் வேற்றுமை 'கு' இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் உங்கள் தங்கை சிரித்தார். 'கடனுக்கு வங்கியிடம் பொறுப்பாவார்' என்று எழுதினால் குழப்பம் போய்விடும்.

மூன்றாவதாக, 'டு'வுக்குப் பின் தண்டனையும் வரும். பாரதிய நியாய சன்ஹிதா 103(1), கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்று சொல்லி, 'லயபிள் டு ஃபைன்' என்றும் சேர்க்கிறது. இங்கே 'பொறுப்பு' ஒட்டாது. 'அபராதத்துக்கும் உள்ளாவார்' என்பதே இயல்பு.
- இரா. (வழக்குரைஞர்)

ஐயா, 'உள்ளாவார்' என்றால் அபராதம் உறுதி என்றாகிவிடும். லயபிள் என்பது வாய்ப்பைத்தான் குறிக்கும். 'உள்ளாகக்கூடும்' என்றுதான் எழுத வேண்டும்.
- மு.

'ஷால் பி லயபிள்' என்பதில் 'ஷால்' இருக்கிறதே! 'கூடும்' அதைக் கரைத்துவிடும். 'உள்ளாக வேண்டியவராவார்' பொருந்தலாம், நாக்கு சுளுக்கினாலும்.
- இரா.

அக்காள் மகனின் வாகனக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். வங்கி முதலில் அவனிடம்தானே கேட்க வேண்டும்? இதற்கு எந்தச் சொல்?
- வே.

இது சொல் சிக்கல் இல்லை, வே. இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்பளவே. பொதுவாக உங்களிடமும் நேராகக் கேட்கலாம். கையெழுத்திட்ட தாளைப் படியுங்கள்.
- இரா.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் சட்ட ஆங்கிலத்தில் 'இன் டெர்ம்ஸ் ஆஃப் செக்சன்' நிறைய வரும். அதை 'பிரிவின் பிரகாரம்' என்றோ 'ஏற்பாடுகளுக்கு அமைவாக' என்றோ எழுதுவோம். 'விலையைப் பொறுத்தவரை' என்ற பேச்சுப் பொருளோடு கலந்துவிடக் கூடாது. 'பர்சுவன்ட் டு'வை 'தொடர்ந்து' என்று எழுதுவோரும் உண்டு. '7ஆம் கூறைத் தொடர்ந்து அறிவிப்பு அனுப்பப்பட்டது' என்றால் எது முன், எது பின் என்பது மட்டுமே தெரியும். அனுப்பும் அதிகாரத்தைத் தந்ததே அந்தக் கூறுதான் என்பது மறைந்துவிடும். '7ஆம் கூறின்படி' என்றால் போதும்.
- ந.

அப்படியானால் இரண்டுக்கும் 'படி' ஒன்றே போதும் போலிருக்கிறது. 'வங்கியிடம்' என்று திருத்திவிட்டேன். அபராதம் பற்றிய வரியை மட்டும் பென்சிலில் வைத்திருக்கிறேன்; மு. அவர்கள் இன்னும் விடுவதாக இல்லை.
- செ.