ஜொகூர்ல வீடு, சிங்கப்பூர்ல வேலை: உங்க கணக்கு என்ன சொல்லுது?

மாசாய் மோட்டார்

பாலம் தாண்டி வேலைக்குப் போறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால சுத்தி வளைக்காம சொல்றேன். எனக்கு செனோக்கோ பக்கம் ஃபேக்டரி வேலை, அடிப்படைச் சம்பளம் 2,400 சிங்கப்பூர் வெள்ளி. வீட்டுக்காரியோட மாசாய்ல வாடகை வீடு. காலையில நாலு மணிக்கு எழும்பி மோட்டார எடுத்தாதான் ஏழரைக்குப் பஞ்ச் பண்ண முடியும்.

கூட வேலை செய்றவன் ஒருத்தன் ஈப்போக்காரன். ஈசூன்ல ஒரு ரூம்ல ரெண்டு பேரா இருக்கான். சம்பள நாள் டீ டைம்ல, "உனக்கு எவ்வளவு மிஞ்சுது?"ன்னு கேட்டான். வாயால சொன்னா நம்ப மாட்டான்னு ஒரு அட்டைப்பெட்டியைக் கிழிச்சு ரெண்டு பேர் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதினோம்.

என் பக்கம்: வாடகை 1,000 ரிங்கிட், வீட்டுச் சாப்பாட்டுச் சாமான் 1,000, தண்ணி, கரண்ட், போன் 300, பெட்ரோலும் மோட்டார் சர்வீஸும் 300. மொத்தம் 2,600 ரிங்கிட். ஒரு வெள்ளிக்கு 3.30ன்னு வச்சா 788 வெள்ளி. மோட்டார் சிங்கப்பூருக்குள்ள நுழைய நாளைக்கு 4 வெள்ளி, மாசம் 88. மத்தியானச் சாப்பாடு அங்கதான், 110. எல்லாம் போக மிச்சம் 1,414.

அவன் பக்கம்: சாயங்காலம் அவசரமா கிளம்ப வேண்டியதில்ல, அதனால ஓவர்டைம் நிறைய செய்றான். சம்பளம் 2,900 வருது. ரூம் 450, சாப்பாடு 400, பஸ்ஸும் போனும் 100, மாசம் ஒரு தடவ ஈப்போ போய் வர 100. மிச்சம் 1,850. அதுல பொண்டாட்டி பிள்ளைக்கு அனுப்புறது 1,400 ரிங்கிட், அதாவது 424 வெள்ளி. கடைசியா நிக்கிறது 1,426.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அவன் சொன்னான்: "டேய், 12 வெள்ளி எனக்குத்தான்டா கூட. நீ எதுக்குடா நாலு மணிக்கு எழும்புற?" பக்கத்துல இருந்தவனெல்லாம் சிரிச்சான். அதுல இருந்து ஜாம்ல நிக்கும்போதெல்லாம் அந்த 12 வெள்ளி மண்டையில ஓடுது. உங்களுக்கெல்லாம் எப்படி வருது?

தம்போய் அக்கா

தம்பி, உன் அட்டையில ஒரு வரி விட்டுப்போச்சு. 2020 மார்ச் 17.

முந்தின நாள் ராத்திரி டிவியில மலேசியப் பிரதமர் சொல்லிட்டாரு, 18ஆம் தேதியில இருந்து கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. சிங்கப்பூர்ல எங்க கிளினிக்ல இருந்து போன்: "வரப்போறியா, அங்கேயே இருக்கப்போறியா, இப்பவே சொல்லு." என் பையனுக்கு அப்ப ஒன்றரை வயசு. ஒரு பையில நாலு செட்டு யூனிஃபார்ம், பல்துலக்கி, போன் சார்ஜர். சாயங்காலம் பாலத்துல பஸ் நகரவே இல்ல, ஜனங்க இறங்கி நடக்குறாங்க. எனக்கு முன்னால ஒருத்தர் ரைஸ் குக்கரைக் கக்கத்துல இடுக்கிட்டுப் போனாரு. ரெண்டு வாரம்னுதானே சொன்னாங்க, இவருக்கு எதுக்கு ரைஸ் குக்கர்னு நினைச்சேன்.

அவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. ஆகஸ்டுலதான் வீட்டுக்குப் போக ஒரு வழி வந்துச்சு, அதுவும் தொடர்ந்து மூணு மாசம் சிங்கப்பூர்ல இருந்து வேலை செஞ்சாதான். தடுப்பூசி போட்டவங்களுக்குத் தரை வழி முழுசா திறந்தது 2022 ஏப்ரல் 1. அவ்வளவு காலமும் ஜொகூர் வாடகையும் கட்டினேன், சிங்கப்பூர்ல ரூம் வாடகையும் கட்டினேன். அதுக்கு முன்னால சேத்ததுல பாதி அதுலயே போச்சு. இப்ப சிங்கப்பூர் பேங்க்ல மூணு மாச ரூம் வாடகைக்கான பணத்தை வெள்ளியாவே வச்சிருக்கேன். அதை நான் சேமிப்புல எழுதுறதில்ல.

ரெண்டாம் பாலம்

துவாஸ்ல வேலை, கெலாங் பாத்தாவுல வீடு, நாப்பது நிமிஷத்துல வேலை இடம். அவ்வளவுதான் என் கதை.

மாசாய் தம்பிக்கு என்ன பிரச்சினைன்னா இடம். ஜொகூர்னு சொன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. மாசாய் கிழக்குல இருக்கு, அங்க இருந்து பாலத்துக்கு வர்றதே ஒரு பயணம். வாடகை கம்மின்னு அங்க போயிருப்பீங்க. வீட்டை கெலாங் பாத்தா, புக்கிட் இண்டா பக்கம் மாத்துங்க. துவாஸ் போற ரெண்டாம் பாலத்துல ஜாமே கிடையாது. மோட்டாரையும் விடுங்க, மழையில எத்தனை பேர் விழுறான்னு பாக்குறோமே. நாலு பேர் சேர்ந்து காடி எடுங்க, டோலைப் பங்கு போட்டுக்கலாம். இல்லாட்டி கம்பெனி பஸ் கேளுங்க. இன்னொண்ணு, 2026 கடைசியில ஆர்டிஎஸ் ரயில் வருது. புக்கிட் சாகார்ல ஏறினா உட்லண்ட்ஸ் நார்த் அஞ்சு நிமிஷம். ரெண்டு நாட்டுச் சோதனையும் ஏறுற இடத்துலயே முடிஞ்சிரும். அப்புறம் இந்தக் கணக்கெல்லாம் குப்பை. இப்பவே புக்கிட் சாகார் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்ட் வாங்கிப் போட்டுருங்க.

தம்போய் அக்கா

ரெண்டாம் பாலத்துல ஜாமே இல்லன்னு யாரு சொன்னா? பள்ளி லீவு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்க. அவன் வேலை செய்றது செனோக்கோவுல. துவாஸ் வழியா போனா சிங்கப்பூருக்குள்ளயே தீவைப் பாதி சுத்தணும். ரயில் விட்டாலும் அஞ்சு நிமிஷம்ங்கிறது தண்டவாளத்துல மட்டும்தான். மாசாய்ல இருந்து ஸ்டேஷனுக்கு யாரு கொண்டுவந்து விடுவா? அந்த ஸ்டேஷன் பக்கம் வீடு வாங்குறவன் எதுக்கு செனோக்கோ ஃபேக்டரிக்குப் போறான்?

ஸ்கூடாய் கணக்கர்

மாசாய் தம்பியின் அட்டைக் கணக்கு சரிதான். ஆனால் அந்த 12 வெள்ளி உங்களுடையதும் அல்ல, உங்கள் நண்பருடையதும் அல்ல. அது நாணய மாற்று விகிதத்தினுடையது. உங்கள் செலவில் 2,600 ரிங்கிட், அவர் செலவில் 1,400 ரிங்கிட். ரிங்கிட் செலவு யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் வெள்ளி ஏறும்போது லாபம். 2024 தொடக்கத்தில் 3.50 கிடைத்தது நினைவிருக்கும். அதே அட்டையை 3.50இல் போடுங்கள்: உங்களுக்கு 1,459, அவருக்கு 1,450. நீங்கள் முந்திவிடுகிறீர்கள். 3.20இல் போட்டால் அவர் 23 வெள்ளி முன்னால். ஒரு வருடத்துக்குள் இரண்டு பக்கமும் சாயக்கூடிய வித்தியாசத்துக்காக யாரும் வீடு மாற்ற வேண்டாம்.

நீங்கள் ஒப்பிட வேண்டியது வேறு. பாசிர் கூடாங்கில் 3,000 ரிங்கிட் சம்பளத்தில் இருந்தால் என்ன ஆகும்? இபிஎஃப்புக்கு உங்கள் பங்கு 330, முதலாளி பங்கு 390. சொக்சோ காப்புறுதியும் போனால் கையில் சுமார் 2,650. இதே 2,600 செலவு என்றால் மிச்சம் 50. இபிஎஃப் 720ஐச் சேர்த்தால் 770. இப்போது உங்களுக்கு மிஞ்சும் 1,414 வெள்ளி என்பது 4,666 ரிங்கிட், ஆறு மடங்கு. எங்கே சம்பாதிக்கிறோம் என்பதுதான் இந்த ஆறு மடங்கைத் தருகிறது. எங்கே படுக்கிறோம் என்பதில் உங்கள் இருவருக்கும் அந்தப் பன்னிரண்டு வெள்ளிதான் வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் சிங்கப்பூர் நிரந்தரவாசி இல்லை என்றால் அங்கே சேமநிதியான சிபிஎஃப் கிடையாது. அந்த 4,666இல் இருந்து நீங்களே இபிஎஃப்பில் போடாவிட்டால் ஓய்வுக்காலத்துக்கு என்று எதுவும் சேராது. தானாகப் போட வருடத்துக்கு 100,000 ரிங்கிட் வரை அனுமதி உண்டு. வரிக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்குச் சிங்கப்பூர் வரி வருடத்துக்கு 156 வெள்ளி வரும், அவ்வளவுதான்.

வரியை விட அது வசூலாகும் விதம்தான் என்னை உறுத்தியது. நான் அங்கே வேலையை விட்டபோது கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தேன். "ஐஆர்21 அனுப்பியாச்சு, வரி அலுவலகம் விடுவிச்சதும் வரும்" என்றாள் அந்தப் பெண். எனக்கே தெரிந்த சட்டம்தான், வெளிநாட்டு ஊழியர் விலகும்போது முதலாளி பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். ஆனாலும் அந்த மாத வீட்டுக் கடன் தவணைக்கு மைத்துனரிடம் கை நீட்டினேன். வேலை மாறுகிறவர்கள் ஒரு மாதச் செலவைத் தனியாக வைத்துக்கொண்டு விலகுங்கள்.

எஸ் பாஸ் திருச்சி

ப்ரோ, படிக்கவே ஆசையா இருக்கு. நான் திருச்சி, சிங்கப்பூர்ல எஸ் பாஸ்ல வேலை. ரூம் வாடகை மட்டும் 700 வெள்ளி. ஜொகூர்ல முழு வீடே அதைவிடக் கம்மியா? நமக்குத்தான் இப்ப மலேசியாவுக்கு விசா வேணாமே, 30 நாள் ஃப்ரீ. நானும் அங்க வீடு எடுத்து தினமும் வந்து போகலாம்ல?

ஸ்கூடாய் கணக்கர்

கூடாது. அந்த 30 நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. மலேசியக் குடிமகனுக்குச் சொந்த ஊர், உங்களுக்கு அது வெளிநாடு.

எஸ் பாஸ் திருச்சி

ஆனா சார், என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஆறு மாசமா அப்படித்தானே போறான்?

பாஸ்போர்ட் தீர்ந்தவன்

அந்த ஃப்ரெண்ட் நானாக்கூட இருக்கலாம் தம்பி. நான் தஞ்சாவூர். வாரத்துக்கு நாலு நாள் ஜொகூர்ல படுத்துக்கிட்டு இருந்தேன், ஆஃபீஸ்ல யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ராத்திரி மலேசியா பக்கம் கவுண்டர்ல இருந்த அம்மா பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமா புரட்டினாங்க. எல்லாப் பக்கத்துலயும் ஸ்டாம்ப். நிமிந்து பாத்து, "நீ எங்க தூங்குற?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. எனக்கு வாய் வரல. பக்கத்து ரூம்ல உக்கார வச்சு, வேலை எங்க, வீடு எங்க, வீட்டு அக்ரிமெண்ட் யார் பேர்லன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. விட்டுட்டாங்க, ஆனா அடுத்த தடவை உள்ள விட மாட்டோம்னு சொல்லித்தான் விட்டாங்க. அங்க திருப்பி அனுப்பினா பரவால்ல. அதை வச்சு இங்க பாஸ் புதுப்பிக்கும்போது எதாவது கேட்டா, மாசம் மிச்சமான நானூறு வெள்ளிக்காக மொத்தச் சம்பளமும் போயிருக்கும். இப்ப உட்லண்ட்ஸ்ல மூணு பேரோட ரூம்.

மாசாய் மோட்டார்

கணக்கர் ஐயா சொன்ன 3.50 கணக்கை அவன்கிட்ட காட்டினேன். "2024ல எழுதியிருந்தா நீ சிரிச்சிருப்ப"ன்னான். ஆனா எனக்கு இன்னும் சமாதானம் ஆகல. பாலத்துல போற நாலு மணி நேரத்துக்கு ரெண்டு பக்கமும் யாரும் விலை போடலியே? அவன் அதே நேரத்துல ஓவர்டைம் செஞ்சு 500 வெள்ளி எடுக்குறான், நான் ஜாம்ல நிக்கிறேன். வீட்டுக்காரி என்ன சொல்றான்னா, "அந்த ஈப்போக்காரன் பிள்ளை அவனை அப்பான்னு போன்லதான கூப்பிடுது."

ரெண்டாம் பாலம்

அதான் சொல்றேன், கெலாங் பாத்தாவுக்கு வாங்க. துவாஸ்ல என் கம்பெனியிலயே ஆள் எடுக்குறாங்க, பிஎம் பண்ணுங்க.